"எஃப்டி மாதிரிதாம்மா" என்று வாங்க வைத்த பத்திரம்: டிரஸ்டி யாருன்னு தெரியுமா?

போன மாதம் ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அவருடைய அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. 2023-ல் 3 லட்சம் ரூபாய் போட்டு வாங்கிய பத்திரம் அது. பார்டர் போட்ட தாள், நடுவில் முத்திரை, மேலே பெரிய எழுத்தில் 'Secured Redeemable Non-Convertible Debenture'. "எஃப்டி மாதிரிதாம்மா, வட்டி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லித்தான் ஏஜென்ட் வாங்க வைத்திருக்கிறார். மாதா மாதம் வந்துகொண்டிருந்த வட்டி இரண்டு மாதமாக வரவில்லை. ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. "நாங்க யார்கிட்ட போய்க் கேக்கணும்?" என்று மகள் கேட்டிருந்தார்.

அந்தத் தாளில் பதில் இருக்க வேண்டும். டிபென்ச்சர் என்பது கம்பெனிக்கு நாம் கொடுக்கும் கடன். ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் கடன் கொடுத்திருந்தால், ஆயிரம் பேரும் தனித்தனியாகக் கம்பெனியின் சொத்தை அடமானம் பிடிக்க முடியாது. அதனால் எல்லோர் சார்பிலும் ஒருவர் அந்த அடமானத்தைப் பிடித்துவைத்திருப்பார். அவர்தான் டிபென்ச்சர் டிரஸ்டி. 'Secured' என்று போட்டு விற்றால், விற்பதற்கு முன்பே கம்பெனி டிரஸ்டியை நியமித்திருக்க வேண்டும். பத்திரம் ஒதுக்கிய 60 நாளுக்குள் டிரஸ்ட் டீட் எழுதிக் கையெழுத்தாகியிருக்க வேண்டும். ஆஃபர் லெட்டரில் மட்டுமல்ல, பிறகு பத்திரதாரர்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் டிரஸ்டியின் பெயர் இருக்க வேண்டும் என்கின்றன கம்பெனி சட்ட விதிகள்.

ஆசிரியையின் தாளில் 'The Trustee' என்ற வார்த்தை மூன்று இடத்தில் இருந்தது. பெயர் ஓரிடத்திலும் இல்லை.

டீமேட் கணக்கில் இருக்கும் பத்திரம் என்றால் வேலை சுலபம். உங்கள் டீமேட் ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு பத்திரத்துக்கும் எதிரே 12 இலக்க ISIN எண் இருக்கும். இந்தியக் கம்பெனி என்றால் அது INE என்று ஆரம்பிக்கும். அடுத்த நான்கு எழுத்துகள் கம்பெனிக்கானவை, அதற்கடுத்த இரண்டு எண்கள் அது என்ன வகைப் பத்திரம் என்பதைச் சொல்லும். சாதாரணப் பங்கு என்றால் 01. கடன் பத்திரங்களில் பெரும்பாலும் 07 அல்லது 08 இருக்கும். அந்த எண்ணை indiabondinfo.nsdl.com தளத்தில் போட்டுத் தேடினால் வட்டி எவ்வளவு, எப்போது முதிர்வு, டிரஸ்டி யார் என்பதெல்லாம் வந்துவிடும். பத்திரம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது என்றால், டிரஸ்டியின் பெயரையும் முகவரியையும் கம்பெனி தன் வெப்சைட்டிலும் ஆண்டறிக்கையிலும் போட்டாக வேண்டும். அந்த டிரஸ்டி செபியில் பதிவு செய்தவரா என்பதை செபி தளத்தில் இருக்கும் டிபென்ச்சர் டிரஸ்டிகள் பட்டியலில் சரிபார்க்கலாம்.

பெயரில் ஒரு சின்ன சிக்கல் வரலாம். டிஹெச்எஃப்எல் 2019-ல் திவால் நடவடிக்கைக்குப் போனபோது, அதன் பத்திரதாரர்கள் சார்பில் பேசிய டிரஸ்டி கேட்டலிஸ்ட் டிரஸ்டிஷிப் நிறுவனம். அதன் பழைய பெயர் ஜிடிஏ டிரஸ்டிஷிப். பழைய தாளில் ஒரு பெயர், இப்போதைய பட்டியலில் வேறு பெயர் என்றால் உடனே பயப்பட வேண்டாம். பெயர் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் ஆசிரியையிடம் இருந்தது வெறும் தாள். ISIN இல்லை. இதுவே முதல் கேள்விக்குறி. பங்குச்சந்தையில் இல்லாத பப்ளிக் லிமிடெட் கம்பெனிகள்கூட 2018 அக்டோபர் 2-லிருந்து புதிய பத்திரங்களை டீமேட்டில் மட்டுமே கொடுக்க வேண்டும் (சில விதிவிலக்குகள் உண்டு). பிரைவேட் லிமிடெட்டுக்கு இந்தக் கட்டாயம் பின்னால்தான் வந்தது. அதனால் கம்பெனி பெயரில் 'பிரைவேட்' இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. 2023-ல் இவர்கள் தாளில் கொடுத்திருக்கவே கூடாது.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. கம்பெனி பெயர் 'நிதி லிமிடெட்' என்று முடிந்தால், மேலே படிக்க வேண்டிய அவசியமே இல்லை. நிதி கம்பெனிகள் டிபென்ச்சரோ வேறு எந்தக் கடன் பத்திரமோ வெளியிடக் கூடாது என்று 2014-ம் ஆண்டின் நிதி விதிகள் நேரடியாகவே தடுக்கின்றன. ஆசிரியை பணம் போட்டது நிதி கம்பெனி இல்லை.

அடுத்து mca.gov.in. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம். இலவசமாக ஒரு கணக்குத் தொடங்கிக்கொண்டால் போதும், வேலை போனிலேயே முடிந்துவிடும். தளம் அடிக்கடி நின்றுபோகும், மூன்று முறை முயற்சி செய்ய மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். கம்பெனி பெயரைப் போட்டதும் 21 இலக்க CIN எண் வரும். அது L என்று ஆரம்பித்தால் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி, U என்றால் பட்டியலிடாதது. இங்கே வந்தது U.

அந்த CIN எண்ணை வைத்து View Index of Charges என்ற இடத்துக்குப் போக வேண்டும். கம்பெனி தன் சொத்துகளை யார் யாரிடம் அடமானம் வைத்திருக்கிறது என்ற பட்டியல் இது. இலவசம். ஒவ்வொரு வரியிலும் அடமானம் பிடித்தவர் பெயர், தொகை, உருவான தேதி, பிறகு மாற்றப்பட்டிருந்தால் அந்தத் தேதி, கடன் அடைந்திருந்தால் அந்தத் தேதி என எல்லாம் இருக்கும். பத்திரதாரர்களின் பெயர் இதில் வராது, டிரஸ்டியின் பெயர்தான் வரும். அதனால் இந்தப் பட்டியலில் டிரஸ்டி ஒருவர் இருந்தால், கம்பெனி செக்யூர்டு டிபென்ச்சர் வெளியிட்டிருக்கிறது என்று அர்த்தம். வெறும் பேங்குகள் மட்டும் இருந்தால், கையில் உள்ள தாளில் 'Secured' என்று அச்சடித்திருப்பதை நம்ப முடியாது.

நாங்கள் பார்த்ததில் நான்கு வரிகள் இருந்தன. இரண்டு பேங்க், ஒரு வாகனக் கடன். நான்காவது வரியில் ஒரு தனிநபரின் பெயர். தொகை 5 கோடி, உருவான தேதி 2021. மாற்றம் செய்த தேதி இருக்க வேண்டிய கட்டம் காலி.

தனிநபர் பெயரைப் பார்த்ததும் வாசகி பதறிவிட்டார். பட்டியலிடாத, தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று விற்கும் பத்திரங்களுக்கு ஒரு வழக்கறிஞரோ ஆடிட்டரோ டிரஸ்டியாக இருப்பது உண்டு. அது மட்டும் குற்றமில்லை. ஆனால் அவர் கம்பெனியின் புரமோட்டராகவோ இயக்குநராகவோ ஊழியராகவோ இருக்கக் கூடாது. அவர்களுக்கு உறவினராகவும் இருக்கக் கூடாது, கம்பெனிக்குக் கடன் பாக்கி வைத்திருக்கவும் கூடாது. இயக்குநர்கள் பெயர் அதே தளத்தில் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்த்தோம், அந்தப் பெயர் அதில் இல்லை. உறவினரா என்பதை எந்தத் தளமும் சொல்லாது.

என்னை உறுத்தியது தேதி. அடமானம் 2021-ல் உருவானது. ஆசிரியை வாங்கியது 2023-ல், தாளில் 'சீரிஸ் 4' என்று இருந்தது. நடுவில் எந்த மாற்றமும் பதிவாகவில்லை. அப்படியென்றால் 5 கோடிக்கான அந்த அடமானம் நான்காவது சீரிஸுக்கும் சேர்த்தா?

இதை இலவசப் பட்டியலில் கண்டுபிடிக்க முடியாது. அதே தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம். டிபென்ச்சருக்காக வைத்த அடமானத்தின் படிவம் CHG-9, அதோடு இணைப்பாக டிரஸ்ட் டீட். வாசகி கட்டினார். டீட் நாற்பது பக்கத்துக்கு மேல். அதில் தேட வேண்டியது இரண்டே விஷயம்: எந்தெந்த சீரிஸுக்காக எழுதப்பட்டது, எந்தச் சொத்து. சீரிஸ் 1, சீரிஸ் 2 என்று மட்டும்தான் இருந்தது. மொத்த வரம்பு 5 கோடி.

அடுத்து PAS-3 படிவங்களைத் திறந்தோம். பத்திரம் ஒதுக்கிய பிறகு யாருக்கு எத்தனை கொடுத்தோம் என்று கம்பெனி தாக்கல் செய்யும் கணக்கு அது. அடமானம் இல்லாத டிபென்ச்சர் அந்த நான்கு வரிப் பட்டியலில் வராது என்பதால், கம்பெனி பத்திரம் விற்றதா இல்லையா என்பதை உறுதிசெய்ய இதைத்தான் பார்க்க வேண்டும். 2023-ல் ஒரு PAS-3 இருந்தது. இணைப்பில் இருந்த பட்டியலில் அம்மாவின் பெயரும் 3 லட்சமும் இருந்தன. வாசகி போனில் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட்டார். பணம் கணக்கில் வந்ததைக் கம்பெனியே அரசிடம் எழுதிக்கொடுத்திருக்கிறது. இனி 'அப்படி யாரும் எங்களிடம் பணம் போடவில்லை' என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த சீரிஸுக்கு அடமானம் பதிவாகவில்லை. கம்பெனி நாளை திவாலானால் பதிவாகாத அடமானம் லிக்விடேட்டரிடம் செல்லாது. பேங்குகள் தங்கள் சொத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆசிரியை அடமானமில்லாத கடன்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தாளில் எத்தனை பெரிய எழுத்தில் 'Secured' என்று இருந்தாலும் சரி.

யாரிடம் போய்க் கேட்பது என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். டீடில் டிரஸ்டியின் முகவரி இருந்தது. ஆசிரியை இரண்டு பதிவுத் தபால் அனுப்பினார், ஒப்புகை அட்டையோடு. ஒன்று டிரஸ்டிக்கு: சீரிஸ் 4-க்கும் நீங்கள்தான் டிரஸ்டியா, என்ன சொத்து அடமானத்தில் இருக்கிறது, வட்டி நின்றது உங்களுக்குத் தெரியுமா என்று. இன்னொன்று கம்பெனிக்கு: சீரிஸ் 4-க்கான டிரஸ்ட் டீடின் நகல் வேண்டும் என்று. பத்திரதாரர் கட்டணம் கட்டிக் கேட்டால் ஏழு நாளுக்குள் நகல் அனுப்ப வேண்டும் என்பது விதி. இதற்கு அப்பாலும் வழி இருக்கிறது. வட்டியோ அசலோ தவறினால் டிரஸ்டி மட்டுமல்ல, பத்திரதாரரே கம்பெனி சட்டத்தின் 71-வது பிரிவில் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கம்பெனிப் பதிவாளரிடமும் புகார் கொடுக்கலாம்.

டிரஸ்டியின் பதில் முதலில் வந்தது, ஒரே பத்தியில். தான் சீரிஸ் 1-க்கும் 2-க்கும் மட்டுமே சம்மதம் கொடுத்ததாகவும், சீரிஸ் 4 என்று ஒன்று விற்கப்பட்டதே தனக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை ஆசிரியை பத்திரத்தோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறார். கம்பெனியிடமிருந்து ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்திருக்கிறது. ஏழு நாள் கெடு இந்த வியாழக்கிழமை முடிகிறது.