அட்டையில் கட்டினால் இரண்டு சதவீதம்: அந்தப் பணம் யாருக்குப் போகிறது?

சில வாரங்களுக்கு முன் ஒரகடத்தில் ஒரு கைப்பேசிக் கடையில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இளைஞரின் கழுத்தில் ஆலை அடையாள அட்டை தொங்கியது. 18,000 ரூபாய் கைப்பேசிக்கு அவர் டெபிட் கார்டை நீட்டியதும், “கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும் தம்பி, கேஷ்னா அதே விலைதான்” என்றார் கடைக்காரர். சற்றுத் தயங்கிவிட்டு இளைஞர் ஒப்புக்கொண்டார். இயந்திரம் துப்பிய சீட்டில் 18,360 ரூபாய் இருந்தது. கடை கொடுத்த ரசீதிலோ 18,000 மட்டுமே.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தில் சம்பளம் வங்கிக் கணக்கில்தான் வந்து விழுகிறது. அதைச் செலவழிக்கக் கட்டணம் கேட்பது முறைதானா?

டெபிட் கார்டைப் பொறுத்தவரை விடை தெளிவானது. 2013 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி, இத்தகைய கட்டணம் நியாயமற்றது என்றும், வங்கிக்கும் வணிகருக்கும் உள்ள ஒப்பந்தப்படி அனுமதிக்கத் தக்கதல்ல என்றும் கூறியது. அப்படி வசூலிக்கும் கடையுடன் வங்கி தன் உறவையே முறித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. 2017 டிசம்பரில் வந்த சுற்றறிக்கையும், வணிகரிடம் வங்கி பிடிக்கும் கட்டணம் வாடிக்கையாளர் தலையில் ஏற்றப்படாமல் பார்த்துக்கொள்ளுமாறு வங்கிகளுக்கு அறிவுறுத்தியது.

அந்த 360 ரூபாயைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இளைஞரிடம் இருந்தது ரூபே டெபிட் கார்டு என்றால், 2020 ஜனவரி 1 முதல் அதற்கு வணிகரிடம் வங்கி எந்தக் கட்டணமும் பிடிக்கக் கூடாது. முழு 360 ரூபாயும் கடைக்காரருக்கே. வேறு நிறுவனத்தின் டெபிட் கார்டு என்றால், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டிய கடைக்கு 2017 சுற்றறிக்கை வகுத்த உச்சவரம்பு 0.9 சதவீதம், அதாவது 162 ரூபாய். அதன்மேல் வரும் ஜிஎஸ்டியையும் பதிவுபெற்ற வணிகர் தம் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். ஆக, செலவை ஈடுகட்டுவதாகச் சொல்லப்படும் தொகையில் பாதிக்கு மேல் கூடுதல் லாபம். ரசீதில் ஏறாததால் அது வரிக்கணக்கிலும் ஏறாது.

கிரெடிட் கார்டு வேறு கதை. அதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதிக்கவில்லை. கடைக்காரருக்கு இரண்டு சதவீதம் வரை உண்மையாகவே செலவாகலாம். மெல்லிய லாபத்தில் கைப்பேசி விற்பவரின் புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் கூடுதல் கட்டணம் வாங்க மாட்டேன் என்ற நிபந்தனை வங்கி ஒப்பந்தங்களில் வழக்கமாக இருப்பதுதான். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கே ஒரு பொருளை விற்றுவிட்டு அதன்மேல் இரண்டு சதவீதம் வாங்கினால், எடையளவுச் சட்டமும் குறுக்கே வரும். கைப்பேசிகளோ பெரும்பாலும் அச்சிட்ட விலைக்குக் கீழே விற்கப்படுவதால் அந்தப் பிடி இங்கே நழுவிவிடுகிறது.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் பலிப்பதில்லை? ரிசர்வ் வங்கியின் கட்டளை வங்கியைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, கடையை நேரடியாகத் தொடுவதில்லை. கடைக்கு அபராதம் கிடையாது. இருக்கும் ஒரே தண்டனை இயந்திரத்தைப் பிடுங்குவது. அந்த இயந்திரத்தால் வருவாய் ஈட்டும் வங்கியே தண்டிக்கவும் வேண்டும் என்றால், எந்த வங்கி முனைப்புக் காட்டும்?

2017 ஜனவரியை நினைத்துப் பார்க்கலாம். பணமதிப்பிழப்பின் சூட்டில், பெட்ரோல் நிலையங்களிடம் ஒரு சதவீதம் வரை கட்டணம் பிடிக்க வங்கிகள் முடிவெடுத்தன. இனி கார்டே வாங்க மாட்டோம் என்று விற்பனையாளர்கள் அறிவித்தார்கள். வங்கிகள் பின்வாங்கின, நுகர்வோரும் விற்பனையாளரும் அச்சுமையை ஏற்க வேண்டியதில்லை என்று அரசு அறிவித்தது. திரண்டு நின்றவர்கள் மேலே இருப்பவரிடம் பேரம் பேச முடிந்தது. தனிக் கடைக்காரருக்கு அந்த வலு இல்லை. அவர் கீழே இருப்பவரிடம் வசூலிக்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் நுகர்வோர் அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு இக்கட்டணத்தைச் சட்டத்தாலேயே தடைசெய்தது. அங்கே தடை வணிகரையே கட்டுப்படுத்துகிறது. நமக்கும் அதுவே பொருந்தும் என்று கருதுகிறேன். அதோடு கிரெடிட் கார்டுக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். இல்லாவிட்டால் அட்டையைத் தொடாத ரொக்க வாடிக்கையாளரின் விலையில் அந்தச் செலவு கலந்துவிடும்.

அதுவரை கையில் இருக்கும் சான்று, ரசீதுக்கும் சீட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான். சீட்டில் அச்சாகியிருக்கும் வங்கி எதுவோ, அதற்கு இரண்டின் நகலையும் சேர்த்து எழுத்துபூர்வமாகப் புகார் அனுப்பலாம். நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவுசெய்யலாம். அன்று அந்த இளைஞரிடம் இதைச் சொன்னேன். “ஷிஃப்டுக்கு நேரமாச்சு சார்” என்று சீட்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நிறுவனப் பேருந்தை நோக்கி ஓடினார்.