பதவிப் பெயரைக் கேட்கலாம், படிநிலையையும் கேளுங்கள்

“சம்பளத்தைக் கூட்ட முடியாது என்கிறீர்கள். சரி, ‘சீனியர்’ என்ற பதவியாவது தர முடியுமா?”

மலாக்காவில் ஆள்சேர்ப்புப் பணியில் இருக்கும் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பலர் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டக் குடும்பங்களிலிருந்து படித்து வந்தவர்கள். பெற்றோரை விட்டுக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போக விரும்பாதவர்கள். இங்குள்ள நிறுவனம் அங்குள்ள சம்பளத்தைத் தராது என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு ஈடாக ஒரு பெயரையாவது கேட்கிறார்கள். இது பேராசை இல்லை, கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் கேட்கும் முறையில்தான் லாபமும் நட்டமும் இருக்கிறது.

நம் தாத்தா காலத்துத் தோட்டத்தில் பதவியும் காசும் ஒட்டியே இருந்தன. கங்காணி என்றால் வெறும் மரியாதைப் பெயர் அல்ல. தன் கீழ் வேலைக்கு இறங்கிய ஆட்களின் தலைக்கணக்கில் அவருக்குத் தனிக்காசு உண்டு. அதனால்தான் இன்றும் நம் வீடுகளில் பெரிய பதவி என்றதும் பெரிய சம்பளம் என்று நினைத்துக்கொள்கிறோம். இன்றைய நிறுவனத்தில் இவை இரண்டும் தனித்தனி. இரண்டையும் இணைக்கும் மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் படிநிலை, பேச்சு வழக்கில் ‘கிரேட்’.

நம் ஆசிரியர்களைப் பாருங்கள். முந்தைய அரசாங்கச் சம்பள முறையில் பட்டதாரி ஆசிரியர் டிஜி 41இல் சேர்ந்து, பணிக்காலத்தை வைத்து டிஜி 44க்கு உயர்ந்தார். இரண்டிலும் அவர் ‘ஆசிரியர்’தான். பெயர் மாறாமலே சம்பளம் உயர்ந்தது, கிரேட் மாறியதால். தனியார் துறையில் இதற்கு நேர்மாறும் நடக்கும்: பெயர் மாறும், கிரேட் மாறாது, சம்பளம் அப்படியே நிற்கும்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். எளிதாகப் புரிய எண்களைத் திருத்தித் தருகிறேன். நான்கு ஆண்டு அனுபவமுள்ள தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் ஒருவர். தோட்டத்தில் வளர்ந்த பெண். பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய தொழிற்சாலை அவருக்கு 3,700 ரிங்கிட் தர முன்வந்தது. அதற்கு மேல் ஒரு காசும் இல்லை என்றது. அவர் ‘சீனியர் இன்ஜினியர்’ பதவியைக் கேட்டார். நான் நிறுவனத்திடம் கொண்டுபோனேன். மறுத்துவிட்டார்கள்.

காரணம் கஞ்சத்தனம் இல்லை. அங்கே ‘இன்ஜினியர்’ ஒரு கிரேட். அதன் சம்பள வரம்பு 3,000 முதல் 4,200 வரை. ‘சீனியர்’ அடுத்த கிரேட். அது 4,000இல் தொடங்குகிறது. 3,700க்குச் சீனியர் பதவி கொடுத்தால் அவர் தன் கிரேடின் அடிமட்டத்துக்கும் கீழே இருப்பார். ஏற்கெனவே சீனியராக இருப்பவர்களும் கேள்வி கேட்பார்கள். ஆக, அங்கே பதவியைக் கேட்பதும் சம்பளத்தைக் கேட்பதும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் கேட்டதுதான் சரியான கேள்வி: “எந்த கிரேடில் என்னைச் சேர்க்கிறீர்கள்? அடுத்த கிரேடுக்கு என்னை எப்போது, எதை வைத்து மதிப்பிடுவீர்கள்?” கடைசியில் நியமனக் கடிதத்தில் ஒரு வாக்கியம் சேர்ந்தது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்ததும் அடுத்த கிரேடுக்கு மதிப்பீடு நடக்கும்; தேறினால் அந்த கிரேடின் தொடக்கச் சம்பளத்துக்குக் குறையாமல் தரப்படும். இது பதவி உயர்வுக்கான உறுதி அல்ல. மதிப்பீடு நடந்தே தீரும் என்பதற்கான உறுதி. பெயர் அட்டையில் ஏறும் ஒரு சொல்லைவிட அது பெரியது.

சிறிய நிறுவனத்தில் கதை வேறு. முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் கிரேடே இருக்காது. “மேனேஜர்னே போட்டுக்கோங்க” என்று முதலாளி உடனே சொல்லிவிடுவார். அவருக்கு அதில் செலவில்லை. இங்கேதான் எச்சரிக்கை தேவை. எனக்குக் கீழே எத்தனை பேர்? எந்தத் தாளில் என் கையெழுத்து இறுதியானது? இதற்கு முன் இந்த வேலையைச் செய்தவருக்கு என்ன பதவி? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் பெயருக்குப் பின்னால் வேலை இருக்கிறது. வராவிட்டால் அடுத்த நேர்முகத்தில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். “மேனேஜராக இருந்தபோது எவ்வளவு செலவுத் திட்டத்தைக் கையாண்டீர்கள்?” என்று நாங்கள் கேட்போம். பலர் அந்த இடத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெயருக்கு விலை கேட்கும் இன்னோர் இடமும் உண்டு: ஓவர்டைம். “நீங்கள் இப்போது சீனியர், ஓவர்டைம் கிடையாது” என்று சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டினால்தான் பொதுவாகச் சட்டப்படியான ஓவர்டைம் உரிமை போகும். உடலுழைப்புத் தொழிலாளருக்கும், அவர்களை மேற்பார்ப்பவருக்கும் அந்த வரம்புகூட இல்லை. சட்டம் பார்ப்பது சம்பளத்தையும் வேலையின் தன்மையையும். பெயர் அட்டையை அல்ல. சட்டத்தைவிடக் குறைவாகத் தரும் நிபந்தனையில் நீங்கள் கையெழுத்திட்டாலும் அது செல்லாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,700ஐ 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 17 ரிங்கிட் 79 காசு. சாதாரண வேலை நாளின் ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 26 ரிங்கிட் 68 காசு. மாதம் 20 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 534 ரிங்கிட். ஒரு பெயருக்காக இதை விட்டுக்கொடுத்தால், மாதா மாதம் காசு கொடுத்துப் பதவி வாங்கியதாக ஆகும்.

எப்போது கேட்பது? சம்பளத் தொகை முடிவானதும், கடிதத்தில் கையெழுத்திடும் முன், பழைய வேலையை விடும் முன். முதல் தொலைபேசி அழைப்பிலேயே பதவியைப் பேசினால் வேலையைவிடப் பெயரில்தான் நாட்டம் என்று தோன்றும். கையெழுத்திட்ட பிறகு கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள். ஏஜென்சி மூலம் வந்திருந்தால் தயங்க வேண்டாம். எங்கள் கட்டணம் பெரும்பாலும் உங்கள் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு. பதவிப் பெயரால் எங்களுக்குக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஆனால் முடிவெடுப்பவர் நாங்கள் அல்ல. துறைத் தலைவரும் மனிதவளப் பிரிவும்தான். அதனால் அவர்களிடம் எடுத்துச் சொல்லக் காரணம் கொடுங்கள்: “இரண்டு ஆண்டாக மூன்று டெக்னீஷியன்களின் அறிக்கையை நான்தான் சரிபார்க்கிறேன், இது உங்கள் நிறுவனத்தில் சீனியர் செய்யும் வேலையா?” இப்படிக் கேட்டால் நான் அப்படியே எடுத்துப் போக முடியும். “பெயர் மட்டும் மாத்துங்க” என்றால் எடுத்துப் போக என்னிடம் எதுவும் இல்லை.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. முதல் வேலையிலேயே சீனியர் பதவி கேட்க வேண்டாம். பொதுவாக அதற்குச் சில ஆண்டு அனுபவம் எதிர்பார்க்கப்படும். ஆனால் கிரேடைக் கேட்க அனுபவம் தேவையில்லை. தொழிற்பயிற்சிக்குப் போகும் இடத்திலேயே, உங்களுக்கு மேலே இருப்பவர் எந்த கிரேடில் இருக்கிறார், அங்கே போய்ச் சேர அவருக்கு எத்தனை ஆண்டு ஆனது என்று விசாரித்து வையுங்கள். உங்கள் முதல் நியமனக் கடிதம் கைக்கு வரும்போது எந்த வரியைத் தேட வேண்டும் என்று அப்போது தெரிந்திருக்கும்.