ரசீதின் பின்பக்கம்



சென்ற மாதம் கோவையிலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருந்தார். ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் முதல் வருடம். "கம்பெனியின் எஃப்.டி. ரசீதுகளை எல்லாம் பார்த்துவிட்டேன். தொகை, தேதி, வட்டி விகிதம் எல்லாமே லெட்ஜரோடு ஒத்துப்போகின்றன. அதற்குப் பிறகும் வங்கிக்கு எதற்குத் தனியாகக் கடிதம் என்று சீனியரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்களேன்" என்று கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அடங்கவில்லை. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் அவருக்கு. ஒரு அறக்கட்டளைக்கோ குடியிருப்போர் சங்கத்துக்கோ கணக்குப் பார்க்கிறவர்களுக்கும் இது உதவும்.

தம்பி, ரசீது ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது: இன்ன தேதியில் இவ்வளவு பணம் போடப்பட்டது. அந்தப் பணம் மார்ச் 31 அன்றும் அங்கே இருந்ததா என்று அது சொல்லாது. இடையில் டெபாசிட்டை முறித்துப் பணத்தை எடுத்திருக்கலாம், ஜெராக்ஸ் மட்டும் ஃபைலில் தங்கியிருக்கலாம். இதையும் தாண்டி இன்னொரு கேள்வி உண்டு. பணம் இருக்கிறது, சரி. வேண்டும்போது கம்பெனி அதை எடுக்க முடியுமா? இந்த இரண்டாவது கேள்வியை நான் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன்.

நானும் உங்களைப் போல் பயிற்சியில் இருந்த காலம். ஒரு சிறிய உதிரிபாகக் கம்பெனியின் தணிக்கை. 25 லட்சம் ரூபாய்க்கு ஒரு டெபாசிட், 7 சதவீத வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 43,750 ரூபாய் வட்டி, டி.டி.எஸ். பிடித்தம் போக, நடப்புக் கணக்கில் வந்து விழுந்துகொண்டிருந்தது. கைக்குக் கிடைத்தது ரசீதின் ஜெராக்ஸ்தான். அசல் முதலாளி வீட்டு பீரோவில் இருப்பதாகக் கணக்காளர் சொன்னார். வங்கிக்குக் கடிதம் அனுப்பினோம். 25 லட்சம் இருப்பதாக எங்கள் அலுவலகத்துக்கே நேராகப் பதில் வந்தது. நான் டிக் போட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

என் சீனியர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். அவர் கண்ணில் பட்டது டெபாசிட் இல்லை, கடன் பக்கம். அதே வருடம் போனஸ் கொடுக்கப் பணமில்லாமல் கம்பெனி வெளியில் 8 லட்சம் கடன் வாங்கியிருந்தது, 15 சதவீத வட்டிக்கு. "7 சதவீதத்துக்கு 25 லட்சத்தைத் தூங்கவிட்டு, 15 சதவீதத்துக்கு யாராவது கடன் வாங்குவார்களா? முறிக்க முடியாமல்தான் முறிக்கவில்லை" என்றார். கம்பெனியிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு நேரே வங்கிக் கிளைக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி அசல் ரசீதை எடுத்து வந்து மேசைமேல் திருப்பி வைத்தார். பின்பக்கத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் முதலாளியின் கையெழுத்து, கம்பெனி முத்திரை. முன்பக்கத்தில் சிவப்பு மையில் லியன் குறிப்பு. முதலாளியின் மகன் பங்குதாரராக இருந்த வேறொரு நிறுவனம் வாங்கிய 20 லட்சம் கடனுக்கு இந்த டெபாசிட் ஈடு.

கடன் வாங்கியது வேறு நிறுவனம் என்பதால் நம் கம்பெனியின் புத்தகத்தில் அந்தக் கடனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் அந்த நிறுவனம் தவணை கட்டத் தவறினால் வங்கி இந்த டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். 25 லட்சத்தில் 20 லட்சம் வரை பெயருக்குத்தான் கம்பெனியுடையது.

அன்றைக்கு என்னை உலுக்கியது வேறு. எங்கள் கடிதத்துக்கு வங்கி பொய் சொல்லவில்லை. இருப்பு எவ்வளவு என்று கேட்டோம், எவ்வளவு என்று சொன்னது. ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்று நாங்கள் கேட்கவே இல்லை. ஆகவே தம்பி, உங்கள் கடிதத்தில் ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் எண், அசல், வட்டி விகிதம், தொடங்கிய நாள், முதிர்வு நாள், சேர்ந்த வட்டி ஆகியவற்றோடு இதையும் தனி வரியாகக் கேளுங்கள்: இதன்மேல் லியன் உண்டா, எவ்வளவு தொகைக்கு, யாருடைய கடனுக்கு அல்லது யாருக்காகக் கொடுத்த பேங்க் கியாரண்டிக்கு? "யாருடைய" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சொந்த ஓ.டி.க்காக வைத்த ஈடு கடன் பக்கத்தில் எப்படியும் தலைகாட்டும். பிறருக்காக வைத்தது எங்கேயும் தலைகாட்டாது.

கடிதம் யார் கையால் போகிறது, யார் கைக்குத் திரும்புகிறது என்பது அடுத்தது. கம்பெனி கையெழுத்துப் போட்டுத் தரட்டும், அவர்கள் கணக்கைப் பற்றிச் சொல்ல வங்கிக்கு அவர்கள் அனுமதி வேண்டும். ஆனால் தபாலில் சேர்ப்பது நீங்கள். கிளையின் முகவரியை வங்கியின் சொந்த இணையதளத்தில் எடுங்கள், கணக்காளர் தரும் மின்னஞ்சல் முகவரியை நம்பி அனுப்பாதீர்கள். பதில் உங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டும். கணக்காளர் "நானே வாங்கி வந்துவிட்டேன் சார்" என்று உறையை நீட்டினால் நன்றி சொல்லி, கிளைக்குத் தொலைபேசியில் பேசி அந்தப் பதிலை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இதை அதிகப்படியான சந்தேகம் என்று நினைப்பவர்களுக்கு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கை நினைவுபடுத்துகிறேன். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தின்படி, புத்தகத்தில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. அந்த நிறுவனத்தின் பங்குகள் அமெரிக்காவிலும் வர்த்தகமானதால் அங்குள்ள பங்குச் சந்தை ஆணையமும் விசாரித்தது. வங்கிக்கு உறுதிக் கடிதம் அனுப்புவதையும் பதிலைப் பெறுவதையும் தணிக்கையாளர்கள் முழுக்க முழுக்கக் கம்பெனியிடமே ஒப்படைத்திருந்தார்கள், வந்த பதில்களைப் பற்றி வங்கியிடம் பெரும்பாலும் விசாரிக்கவே இல்லை என்பது 2011-இல் அந்த ஆணையம் சொன்ன குறைகளில் முக்கியமானது.

அதே ஒப்புதல் கடிதத்தில் இன்னொரு எண் இருக்கிறது: சேர்ந்த வட்டி என்று காட்டிய 376 கோடி ரூபாயும் இல்லாதது. இல்லாத டெபாசிட்டுக்கு வட்டியும் போட்டுத்தானே ஆக வேண்டும்! ஆகவே வட்டிக் கணக்கு சரியாக வருவதை மட்டும் வைத்து டெபாசிட் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அதற்காக வட்டியைக் கணக்கிடாமல் விடவும் முடியாது, அதில் வேறு வகைத் தவறுகள் ஒளிந்திருக்கும். ஒன்றை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

2023 ஜூலை 1 அன்று 10 லட்சம் ரூபாய், மூன்று வருடம், 7 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். ரசீதில் முதிர்வுத் தொகை 12,31,439 என்று அச்சாகியிருக்கும். 2024 மார்ச் 31-க்கு எவ்வளவு வட்டி சேர்ந்திருக்கிறது? பல கணக்காளர்கள் மொத்த வட்டியான 2,31,439-ஐ 36 மாதத்தால் வகுத்து, ஒன்பதால் பெருக்கி 57,860 என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. வட்டிக்கு வட்டி ஏறுவது பின்னால்தான் அதிகம். முதல் காலாண்டுக்கு 17,500, அடுத்ததற்கு 17,806, மூன்றாவதற்கு 18,118. ஆக 53,424. அந்த வருட வருமானம் 4,436 ரூபாய் கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஒரு டெபாசிட்டுக்குச் சின்னத் தொகைதான், ஆனால் இதே முறையில் ஐம்பது டெபாசிட் வைத்திருக்கும் அறக்கட்டளையை யோசித்துப் பாருங்கள். முதிர்வின்போதுதான் பணம் வருகிறது என்று வட்டியையே எழுதாமல் விட்டு, முதிரும் வருடத்தில் மொத்தமாகக் காட்டுகிறவர்களும் உண்டு. அது இதைவிடப் பெரிய பிழை.

மேலே போட்ட கணக்கில் டி.டி.எஸ். பிடித்தத்தைத் தள்ளிவைத்திருக்கிறேன். வங்கி 10 சதவீதம் பிடித்து அந்த டெபாசிட்டிலிருந்தே கட்டினால், ரசீதில் அச்சான முதிர்வுத் தொகை கைக்கு வராது, சற்றுக் குறையும். வருமானமாக எழுத வேண்டியது பிடித்தத்துக்கு முந்தைய முழு வட்டியைத்தான். பிடித்த தொகை வரிக் கணக்கில் கம்பெனிக்கு வரவேண்டியது. கைக்கு வந்ததை மட்டும் எழுதினால் வருமானமும் குறையும், வரி வரவும் தொலைந்துபோகும்.

இந்தப் பிடித்தத்தால் தணிக்கைக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. வங்கி பிடித்ததெல்லாம் வருமான வரித் துறையின் 26ஏ.எஸ். படிவத்தில் வங்கியின் பெயரோடு வரும். கம்பெனி எழுதிக் கொடுப்பதல்ல, வங்கி தாக்கல் செய்வது. கணக்காளரை உங்கள் எதிரிலேயே தளத்தைத் திறந்து இறக்கித் தரச் சொல்லுங்கள். அதில் வட்டி இருந்து புத்தகத்தில் டெபாசிட் இல்லையென்றால் மறைக்கப்பட்ட டெபாசிட். புத்தகத்தில் இருந்து அதில் இல்லையென்றால், பிடித்தம் இல்லாததற்குக் காரணம் கேளுங்கள். வட்டி வரம்புக்குள் இருக்கலாம், விலக்கு இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம்.

ஆனால் தம்பி, என் 25 லட்சக் கதைக்குத் திரும்பிப் பாருங்கள். அங்கே வட்டி சரியாக வந்தது, பிடித்தமும் ஒத்துப்போனது, இருப்பும் உறுதியானது. லியனைப் பிடிக்க இவை எதுவும் உதவவில்லை. அசல் ரசீது கையில் இல்லாதது, பணமுடையிலும் முறிக்காதது ஆகிய இரண்டும்தான் தடயங்கள். இப்போது பல டெபாசிட்டுகளுக்குக் காகித ரசீதே இல்லை, பின்பக்கமும் இல்லை. லியன் வங்கியின் கணினியில் ஒரு பதிவு, அவ்வளவுதான். கேட்டால் ஒழியத் தெரியாது.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? எங்கள் சீனியர் முதலாளியிடம் சத்தம் போடவில்லை. டெபாசிட்டை ஈட்டில் உள்ளதாகத் தனியே காட்டி, யாருடைய கடனுக்கு என்ற குறிப்பும் போட்டால்தான் கையெழுத்து என்றார். இன்றைய கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையும் கடனுக்கோ கியாரண்டிக்கோ ஈடாக உள்ள வங்கி இருப்பைத் தனியே காட்டச் சொல்கிறது. இயக்குநருக்கு வேண்டிய நிறுவனத்தின் கடனுக்குக் கம்பெனி ஈடு கொடுப்பதற்கு 185-ஆம் பிரிவு கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறது, ஆகவே தீர்மானப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. மார்ச் 31 அன்று லியன் இல்லை என்று வங்கி எழுதிக் கொடுத்தாலும், மார்ச்சின் கடைசி வாரத்தில் ஈட்டை விடுவித்து ஏப்ரல் முதல் வாரத்தில் மறுபடி வைத்துக்கொள்ள முடியும். அந்த வருடத்திலும் அதற்குப் பிறகு கடிதம் எழுதும் நாள் வரையிலும் லியன் வைத்த, நீக்கிய தேதிகளையும் சேர்த்துக் கேளுங்கள். சீனியரிடம் தயங்காமல் போய்ப் பேசுங்கள், தம்பி. பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்