குடியிருந்தால் வீடு சொந்தமாகுமா?

"முப்பது ஆண்டுகள் நானே இவ்வீட்டைப் பராமரித்தேன், வீடு எனக்கே" என்னும் பேச்சை நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிறோம். அவரது உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் குடியிருப்பு உரிமையாகாது.

பெற்றோரும் மனைவியும் முன்பே மரணித்த ஒருவர், இரு மகன்களையும் இரு மகள்களையும் 60 லட்சம் மதிப்புள்ள வீட்டையும் விட்டு வஃபாத்தாகிறார் எனக் கொள்வோம். வீட்டில் வாழ்ந்த மூத்தவர், கூரையை மாற்ற வாப்பாவுக்கு 6 லட்சம் கடனாகக் கொடுத்திருந்தால் அது முதலில் அவருக்குத் திரும்ப வேண்டும். கடன் தீர்ந்த பின்னரே பங்கீடு என்பது திருக்குர்ஆன் (4:11) கட்டளை. எஞ்சிய 54 லட்சத்தில் மகன்களுக்குத் தலா 18, மகள்களுக்குத் தலா 9 லட்சம். கடனென்று பேசாமல் மனமுவந்து செய்த செலவுக்கோ கூலி அல்லாஹ்விடமே உள்ளது. வாடகையின்றி வாழ்ந்த ஆண்டுகளையும் அவர் எண்ணிப் பார்க்கட்டும்.

வீடுதான் வேண்டுமெனில், மற்ற மூவருக்கும் உரிய 36 லட்சத்தைக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளட்டும். அதை விடுத்து, "உனக்குத்தான் நகை போட்டோமே" என்று கூறிச் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவது அநீதியே. சொத்து குறைவாயினும் அதிகமாயினும் பெண்களுக்குப் பங்குண்டு என்று இறைவன் (4:7) விதித்துவிட்டான். அதைத் தள்ளுபடி செய்ய அண்ணனுக்கு அதிகாரமில்லை.