பணிவு எந்தச் சொல்லில் இருக்கிறது?

டில்லியில் பருவ இறுதி நெருங்கினால், தமிழ்நாட்டு மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் வேலை ஒன்று உண்டு. கட்டுரை சமர்ப்பிக்க அவகாசம் கேட்கும் மின்னஞ்சலை ஆங்கிலமாக்கித் தர வேண்டும். சென்ற வாரம் முதுகலை மாணவி ஒருவர் தம் தமிழ் வரைவுடன் வந்தார். பாடம் நடத்துபவர் இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் வருகைதரு பேராசிரியர்.

‘பத்து நாள்களாகக் காய்ச்சல் இருந்தமையால் கட்டுரையை முடிக்க இயலவில்லை. தாங்கள் கருணைகூர்ந்து ஒரு வாரம் அவகாசம் அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. அவரே செய்திருந்த ஆங்கிலத்தில்தான் ‘ஹம்ப்ளி’, ‘கைண்ட்லி’, ‘மெர்சி’ மூன்றும் வரிசையாக நின்றன. ‘மெர்சி’ என்பது தண்டிக்கப்போகிறவரிடம் கேட்பது. ‘கைண்ட்லி’ நம் அலுவலகங்களில் மரியாதைச் சொல். ஏவல் வினையோடு சேரும்போது ஆங்கிலேயர் பலர் காதில் அது பொறுமையிழந்த அதட்டலாக விழக்கூடும். ஒரே வாக்கியத்தில் குற்றவாளியும் அதிகாரியும் பேசுகிறார்கள்.

உண்மையில் அந்தத் தமிழ் வாக்கியத்தின் பணிவைப் பெரிதும் சுமப்பவை ‘தாங்கள்’ என்பதும் ‘அளிக்குமாறு’ என்பதும்தாம். ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றே. ஆகவே அம்மொழி பணிவை வினைக்குள் வைக்கிறது. ‘கேன்’ என்பது ‘குட்’ ஆகிறது. ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகிறது. இவை இறந்தகால வடிவங்கள், ஆனால் காலத்தைக் குறிப்பதில்லை. வேண்டுகோளைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, மறுப்பதற்கு எதிராளிக்கு வழிவிடுகின்றன. நம் ‘இயலுமாயின்’ இதற்கு அருகில் வரும்.

அடுத்தது வரிசை. தமிழில் காரணம் முன்னே வந்து, வேண்டுகோள் முற்றுவினையாக இறுதியில் அமர்வது இயல்பு. ஆங்கிலத்தில் அவ்வாறே எழுதினால், எதற்காக இந்தக் காய்ச்சற் கதை என்று தெரியாமலே அவர் பாதி மடலைப் படிப்பார். ‘ஒரு வாரம்’ என்பதும் போதாது. எந்த நாளிலிருந்து எண்ணுவது? தேதியைச் சொல்லி அந்த வேலையையும் குறைத்துவிட வேண்டும்.

நான் எழுதித் தந்தது இது: ‘வுட் இட் பி பாசிபிள் டு சப்மிட் மை பேப்பர் பை தி ட்வென்ட்டி-ஃபோர்த் ஆஃப் நவம்பர்? ஐ ஹாவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் தி பாஸ்ட் டென் டேஸ், அண்ட் தி லாஸ்ட் செக்ஷன் இஸ் அன்ஃபினிஷ்ட். ஐ வுட் அண்டர்ஸ்டாண்ட் இஃப் திஸ் இஸ் டிஃபிகல்ட்.’

“அக்கா, இதில் பணிவே இல்லையே. திமிர் என்று நினைத்துவிட்டால்?” என்றார். அந்த அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. அவருடைய மதிப்பெண் அந்த மடலில் இருந்தது. கடைசி வரியைக் காட்டி, மறுக்கும் உரிமையை அவரிடமே விட்டிருக்கிறோம் என்றேன்.

இதே மடல் ஓர் இந்தியப் பேராசிரியருக்கானால் ‘ரெஸ்பெக்டட் சர்’ என்றே தொடங்கியிருப்பேன். ‘சவினய் நிவேதன்’ என்று விண்ணப்பம் எழுதிப் பழகிய ஊர் இது. இங்கே அந்த விளி இயல்பானது. அதை எள்ளி நகையாடும் ஆங்கில வழிகாட்டிகளோடு எனக்கு உடன்பாடில்லை.

அனுப்புமுன் அவர் ‘ஐ ஆம் சாரி ஃபார் தி ட்ரபிள்’ என்று ஒரு வரி சேர்த்தார். அதை நான் நீக்கவில்லை.