உங்களுக்கு நேரம் சரியில்லை

தலைப்பைப் பார்த்துட்டு சனிப்பெயர்ச்சிப் பலன்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். இது ஒரு பொட்டி தட்டுறவனோட புலம்பல். ஆனா தலைப்பு பொய்யில்லை. ஆத்தென்டிகேட்டர் ஆப்புல வர்ற ஆறு இலக்க எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சரியாத்தான் அடிப்பீங்க. "Invalid code" அப்படின்னு மூஞ்சில அடிச்ச மாதிரி ஒரு செய்தி வரும். மறுபடி அடிச்சா மறுபடி அதே. அப்போ முக்கால்வாசி உங்க நேரம் சரியில்லை. போன்ல இருக்கிற நேரம்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். அந்தச் செய்தியை எழுதினவர் பயனாளர் தலையில பழியைப் போட்டுட்டுப் போயிட்டார். எண் தப்பா, கடிகாரம் தப்பா, ரகசியச் சாவியே தப்பா, இந்த மூணுக்கும் ஒரே வரியைச் சொல்றது சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்தால ஜனங்க கணக்கையே இழக்கிறாங்க. எப்படின்னு பார்ப்போம்.

நம்ம ஊர்ல ஓடிபின்னாலே எஸ்எம்எஸ்ல வர்றதுதான் ஞாபகத்துக்கு வரும். அந்த எண்ணைத் தயாரிக்கிறது வங்கியோட சர்வர். உங்க போன் வெறும் தபால்காரன். போன்ல 1985-ம் வருஷம்னு தேதி வெச்சிருந்தாலும் அந்த எண் வேலை செய்யும். ஆத்தென்டிகேட்டர் ஆப் கதையே வேற. அங்கே யாரும் உங்களுக்கு எதையும் அனுப்புறதில்லை. முதல் நாள் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணீங்களே, அப்போ ஒரு ரகசியச் சாவி உங்க போனுக்கு வந்து உட்கார்ந்துடுச்சு. அதே சாவி சர்வர்லயும் இருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லை. ஏரோப்ளேன் மோடுல போட்டாலும் ஆப் எண்ணைக் காட்டிட்டே இருக்கும், கவனிச்சிருப்பீங்க. ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே கணக்கைப் போடறாங்க, விடை ஒண்ணா வருதான்னு சர்வர் பார்க்குது. அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு இதுதான் (2011-ல் வந்த ஆர்எஃப்சி 6238):

```
T = floor(unix_time / 30)
code = truncate(HMAC-SHA-1(secret, T)) mod 1000000
```

1970 ஜனவரி 1, யுடிசி நள்ளிரவுல இருந்து எத்தனை நொடி ஆச்சோ, அதை 30-ஆல வகுத்து மிச்சத்தைத் தூக்கிப் போட்டா T. அந்த T-யையும் ரகசியச் சாவியையும் ஒண்ணாப் போட்டு அரைச்சா ஆறு இலக்கம். பக்கத்துப் பக்கத்து T-க்கு வர்ற எண்களுக்கு நடுவுல எந்தச் சொந்தபந்தமும் இருக்காது. ஒரு படி தள்ளினாலும் முழுசா வேற எண்.

இதை வீட்லயே செஞ்சு பார்க்கலாம். 2005-ல் வந்த ஆர்எஃப்சி 4226-ல் சோதனைக்காகவே ஒரு சாவி கொடுத்திருக்காங்க, `12345678901234567890`. அதுக்கு என்னென்ன விடை வரணும்னும் போட்டிருக்காங்க. லினக்ஸ்ல `oathtool` இருந்தா:

```
oathtool --totp --now="1970-01-01 00:01:35 UTC" \
  3132333435363738393031323334353637383930
```

95 வது நொடி, அதாவது T = 3. விடை 969429. இதே சாவிக்கு T = 1-ன்னா 287082, T = 2-ன்னா 359152, T = 4-ன்னா 338314.

இப்போ சர்வர் கடிகாரம் 95-ல நிக்குதுன்னு வெச்சுக்குங்க. மனுஷன் எண்ணைப் பார்த்து அடிச்சு முடிக்க நேரமாகும்னு பல சர்வர்கள் முன்னாடி ஒரு படி, பின்னாடி ஒரு படி சேர்த்தே ஏத்துக்கும். அப்போ 359152, 969429, 338314 மூணுமே செல்லும். உங்க போன் 40 நொடி மெதுவா ஓடுதுன்னா அதுக்கு இப்போ மணி 55. T = 1. அது காட்டுற 287082 செல்லாது. சரி, 23 நொடி கழிச்சு முயற்சி பண்றீங்க. சர்வருக்கு 118, இன்னும் T = 3 தான். போனுக்கு 78, T = 2. 359152 செல்லும்!

அதே போன், அதே 40 நொடிப் பிழை. ஒரு தடவை கதவு திறக்குது, ஒரு தடவை திறக்கலை. "சில சமயம் வேலை செய்யுது சார்" அப்படின்னு ஹெல்ப்டெஸ்க்குக்கு வர்ற புகாருக்கு இதுதான் ரகசியம். கணக்குப் பார்த்தா, பிழை 30 நொடிக்குள்ள இருந்தா எப்பவும் தப்பிக்கலாம். 60-ஐத் தாண்டினா எப்பவும் அடி. நடுவுல இருந்தா லாட்டரிச் சீட்டு.

இதுல இன்னொரு கூத்து. நீங்க அடிக்க 8 நொடி எடுத்தா, மெதுவா ஓடுற போனுக்கு அது பிழையோட கூடும், வேகமா ஓடுற போனுக்கு கழியும். 40 நொடி மெதுவான போன் 30-க்கு 18 நொடி நிராகரிக்கப்படும். 40 நொடி வேகமான போன் 30-க்கு 2 நொடிதான். வேகமான கடிகாரத்துக்கு ஆண்டவன் துணை.

சரி, கடிகாரம் ஏன் தப்பாகுது? சாதாரண குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினாலே நாளைக்கு 1.7 நொடி, மாசத்துக்கு 52 நொடி ஆயிடும். ஆனா போன் நெட்வொர்க்கைக் கேட்டு அப்பப்போ திருத்திக்கும். அந்த வசதியை யாராவது அணைச்சு வெச்சாத்தான் வம்பு. யார் அணைப்பாங்கன்னு கேக்கறீங்களா? விளையாட்டுல உயிர் தீர்ந்து போச்சு, அரை மணி காத்திருக்கணும்னா தேதியை முன்னாடி தள்ளிடற குழந்தைகள் எல்லா வீட்லயும் இருக்காங்க.

எங்க பெரியம்மா பையன் துபாய்ல இருக்கார். போன மாசம் லீவுல வந்தார். வந்த மறுநாளே போன். "தம்பி, ஆபீஸ் சைட்டுக்குள்ள போக முடியலப்பா. கோடு தப்பு தப்புங்குது. ஹெல்ப்டெஸ்க்ல கேட்டா ஆப்பை அழிச்சிட்டு மறுபடி போடுங்கன்றான். அழிச்சிரவா?"

"அண்ணே, கையை எடுங்க!"ன்னு கத்திட்டேன். ஆப்பை அழிச்சா ரகசியச் சாவியும் போயிடும். மேகத்துல நகல் எடுத்து வெக்கலை. பேக்கப் கோடு எழுதி வெச்சிருக்கீங்களான்னா, "அப்படின்னா?"ங்கறார். அழிச்சிருந்தா அந்தக் கணக்கு மட்டுமில்லை, ஆப்புல இருந்த மத்த ஆறு கணக்கும் சேர்ந்து கோவிந்தா.

"போன்ல நேரம் சரியா இருக்காண்ணே?"

"கரெக்டா இருக்கே, பத்து மணி. சுவத்துக் கடிகாரத்துலயும் பத்துதான்."

இங்கதான் விஷயம். துபாய்ல இருக்கும்போதே அவர் பையன் விளையாட்டுக்காகத் தானா நேரம் வெக்கிற வசதியை அணைச்சிருக்கான், நேர மண்டலத்தையும் சேர்த்து. சென்னையில இறங்கினதும் போன் ஒன்றரை மணி பின்னாடி காட்டியிருக்கு. இவர் முள்ளை மட்டும் நகர்த்திப் பத்து ஆக்கிட்டார். மண்டலம் இன்னும் துபாய். சென்னை பத்து மணின்னா யுடிசி காலை 4:30. துபாய் பத்து மணின்னா யுடிசி 6:00. ஆப் பார்க்கிறது யுடிசியை. அதனால திரையில நேரம் அச்சு அசலா சரியா இருக்க, உள்ளே 5400 நொடி, அதாவது 180 படி முன்னாடி ஓடிட்டிருக்கு. மத்த எல்லாம் வேலை செய்யுது, ஏன்னா ஒன்றரை மணி வித்தியாசத்துக்கு பிரவுசர் கோவிச்சுக்காது. மாட்டுறது இது ஒண்ணுதான்.

`Set time automatically`, `Set time zone automatically` ரெண்டையும் போடச் சொன்னேன். (ஐபோன்ல `Set Automatically`-ன்னு ஒண்ணுதான்.) அடுத்த எண் முதல் முயற்சியிலேயே ஏறிடுச்சு.

உங்களுக்கு வந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது? ஆப்புல இருக்கிற ரெண்டு மூணு கணக்கை முயற்சி பண்ணுங்க. எல்லாமே அடம் பிடிச்சா போன் கடிகாரம். ஒண்ணு மட்டும்னா அந்தச் சாவி பழசு, இல்லை அந்த சர்வரோட கடிகாரமே தப்பு (நாம மட்டும்தான் தப்புப் பண்ணுவோமா?). போன் பிரவுசர்ல `time.is` திறந்தா எத்தனை நொடி பிசகுன்னு சொல்லிடும், மண்டலக் குழப்பத்தையும் மண்டலப் பேரைப் பார்த்தாலே பிடிச்சிடலாம்.

இப்போ என் வழக்குக்கு வர்றேன். "அப்போ சர்வர் இன்னும் நிறைய படிகளை ஏத்துக்க வேண்டியதுதானே?"ன்னு சிலர் கேப்பீங்க. கூடாது. மூணு எண் செல்லும்னா குருட்டாம்போக்குல அடிக்கிறவனுக்குப் பத்து லட்சத்துல 3 வாய்ப்பு. முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரம் விட்டா 241 எண் செல்லும். எண்பது மடங்கு. பூட்டைத் தளர்த்தி வெச்சுட்டு திறக்க ஈஸியா இருக்குன்னு சொல்ற கதை. "உங்க எண் 180 படி முன்னாடி இருக்கு"ன்னு வெளிப்படையா சொல்றதும் ஆபத்து. திருடன் அந்த எண்ணை ஒன்றரை மணி கழிச்சு வந்து அடிப்பான்.

ஆனா சொல்லாம சொல்ல வழி இருக்கு. பிழைச் செய்திக்குக் கீழே ரெண்டே வரி: "எங்கள் கடிகாரத்தில் இப்போது யுடிசி 04:30:12. உங்கள் போனில் நேரமும் நேர மண்டலமும் தானாக அமையும்படி உள்ளதா பாருங்கள். ஆப்பை அழிக்காதீர்கள்." இதுல ரகசியம் எதுவும் இல்லை. சர்வர் நேரம் உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம். கொஞ்சம் மெனக்கெடத் தயார்னா, அடுத்தடுத்து வர்ற ரெண்டு எண்ணைக் கேட்டு வாங்கி, ரெண்டும் ஒரே அளவு தள்ளியிருந்தா மட்டும் கடிகாரம் தப்புன்னு சொல்லலாம். ரெண்டையும் சேர்த்து யூகிக்கிறது திருடனுக்கு நடக்கிற காரியமில்லை. ஆர்எஃப்சி 4226-லயே எண்ணிக்கை பிசகினா வரிசையா ரெண்டு மூணு எண் கேட்டுச் சரிபண்ற யோசனை இருக்கு. புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், படிச்சாப் போதும்.

லாகின் பக்கம் எழுதற பொட்டி தட்டும் நண்பர்கள் இங்கே நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும். அந்த ரெண்டு வரியைச் சேர்க்க அரை நாள் வேலை. முக்கியமா அந்தக் கடைசி வாக்கியம், "ஆப்பை அழிக்காதீர்கள்". செய்ய முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க, காத்திருக்கேன் :-)