பேசி முடித்ததை எழுதி அனுப்புவோம்

மொத்தக் கடைக்கு போன் போட்டுச் சரக்கு சொல்வதோடு நம்மில் பலர் நிறுத்திக் கொள்கிறோம். அதே விவரத்தை அன்றே நான்கு வரியில் எழுதி அனுப்பவும் வேண்டும் என்பது நமது கருத்து.

பொங்கலுக்கு ஒரு மளிகைக் கடைக்காரர் வெல்லம் கேட்பதாக வைத்துக் கொள்வோம். "இருபது சிப்பம், பத்தாம் தேதி" என்கிறார். மண்டியில் "சரி" என்கிறார்கள். கடைக்காரர் நினைத்தது உருண்டை வெல்லம். ஏறியதோ அச்சு வெல்லம். அவர் நினைத்தது பத்தாம் தேதி கடையில் இறங்கும் என்று. மண்டிக்காரர் சொன்னது அன்று லாரியில் ஏற்றுவதாக. லாரி ஷெட்டில் கிடந்து சரக்கு பதினான்காம் தேதி மாலை வந்தால், பொங்கல் வியாபாரம் போய்விடும். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நஷ்டம் ஒருவருக்கு.

வாய்ப் பேச்சும் ஒப்பந்தமே என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் ஏற்கிறது. அதே சட்டத்தின் 39வது பிரிவுப்படி, வேறு பேச்சு இல்லாத வரை, வாங்குபவருக்கு அனுப்ப வேண்டிய சரக்கை லாரிக்காரரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கருதப்படும். ஆகவே "இறங்க வேண்டிய தேதி" என்று எழுதுவதில்தான் விஷயம் இருக்கிறது.

மேற்படி வெல்லத்துக்கு இப்படி எழுதலாம்: "இன்று காலை தொலைபேசியில் பேசியபடி, உருண்டை வெல்லம், 30 கிலோ சிப்பம் 20, பேசிய விலைக்கு. லாரி வாடகை தங்களைச் சேர்ந்தது. ஜனவரி 10ஆம் தேதிக்குள் எங்கள் கடையில் இறங்க வேண்டும். பிந்தினால் சரக்கு தேவையில்லை. சரி என்று பதில் தரவும்." விலையையும் எண்ணில் குறித்துவிட வேண்டும். கடைசிக்கு முந்தின வரியை விட்டுவிட்டால், தாமதத்தைக் காட்டிச் சரக்கைத் திருப்புவது வழக்காகிவிடும்.

கடிதமோ வாட்ஸ்அப்போ, எதில் அனுப்பினாலும் பதில் வர வேண்டும். நாம் எழுதியதற்கு அவர் பேசாமல் இருந்தால் அது சம்மதம் ஆகாது. மறுநாள் பதில் இல்லையென்றால் மீண்டும் போன் செய்து கேட்டு வாங்குவோம். சரக்கு வந்ததும் சீட்டோடு ஒத்துப் பார்ப்போம். மாறியிருந்தால் விற்கத் தொடங்காமல் உடனே எழுத்தில் தெரிவிப்போம். விற்றுவிட்டால் ஏற்றுக் கொண்டதாகவே ஆகும்.

"இத்தனை வருஷப் பழக்கத்தில் எழுத்து கேட்டால் மனம் கோணாதா?" என்று சிலர் கேட்கலாம். போனில் பேசுபவர் முதலாளி. மூட்டையை எடுத்து ஏற்றுபவர் குடோன் ஆள். அவர் கையில் சீட்டு இருந்தால் மண்டிக்காரருக்கும் தவறு குறைகிறது. பழக்கம் கெடுவது எழுதியதால் அல்ல, லாரி வந்து நின்றபின் நடக்கும் வாக்குவாதத்தால்தான்.